எந்தப் புகைக்குழாயிலும் இல்லாத ஓசோன்

நகரத்துக் காற்றளவு நிலையம் ஒன்றின் ஒரு நாள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மார்ச் முதல் மே வரை, மேகம் இல்லாத ஒரு வேலை நாளாக இருந்தால் நல்லது. நைட்ரிக் ஆக்சைடின் கோடு காலை எட்டு, ஒன்பது மணிக்கு விறுவிறுவென்று ஏறி இறங்கிவிடும். அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வண்டிகள் நெருக்கியடித்துப் போகும் நேரம் அது. நைட்ரஜன் டை ஆக்சைடின் கோடு அதைத் தொடர்ந்து சற்றுப் பிந்தி உயரும். மூன்றாவது கோடு ஓசோனுடையது. போக்குவரத்து உச்சத்தில் இருக்கும் அந்தக் காலை வேளையில் அது தரையோடு தரையாகக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் மெல்லத் தலைதூக்கி, சாலைகள் ஓரளவு ஓய்ந்திருக்கும் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கில் உச்சியைத் தொடும். மாலையில் வண்டிகள் மறுபடி பெருகும்போது சரிந்து விழும்.

வண்டிப் புகையால் வருவது என்றால் வண்டிகள் மிகுந்த நேரத்தில்தானே அதிகமாக இருக்க வேண்டும்? இந்தக் கோடு நேர்மாறாக நடக்கிறது. காரணம், ஓசோனை எந்த வண்டியும் வெளியே விடுவதில்லை. ஆலைகளின் புகைபோக்கியிலும் சொல்லும்படியாக அது இல்லை. புகை வெளியே வந்த பிறகு, திறந்த வெளியில், வெயில் பட்டுத்தான் அது உண்டாகிறது. உண்டாகச் சில மணி நேரம் பிடிக்கிறது. அந்தச் சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஓசோன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வானத்தில் இருக்கும் காப்பு அடுக்கு. பொருள் ஒன்றுதான்: மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு. பூமியின் ஓசோனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மேலே, பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்து புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அங்கே யாரும் மூச்சு விடுவதில்லை. அதே மூலக்கூறு நம் மூக்கின் உயரத்தில் இருந்தால் நுரையீரலின் உள்தோலை அரிக்கும், பயிரின் இலையைப் பொசுக்கும், ரப்பரை வெடிக்க வைக்கும்.

ரப்பர் வெடித்த கதையிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை 1943 ஜூலையில் ஒரு நாள் கண்ணைக் கரிக்கும் மூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டார்கள் என்று சிலர் அஞ்சினார்கள். பிறகு நகருக்குள் இருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலை ஒன்றின் மேல் பழி விழுந்தது. ஆலையை நிறுத்திப் பார்த்தார்கள், மூட்டம் போகவில்லை. நிலக்கரிப் புகையால் லண்டனில் வரும் மூட்டம் குளிர்காலத்தது, ஈரமானது. லாஸ் ஏஞ்சலஸ் மூட்டமோ நல்ல வெயில் நாளில் வந்தது. பகலில் வளர்ந்தது, இரவில் அடங்கியது. அந்நகரில் ரப்பர் டயர்களின் பக்கவாட்டில் மற்ற ஊர்களைவிட விரைவில் வெடிப்பு விட்டது. சுற்றுப்புறத் தோட்டங்களில் கீரைகளின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் மினுமினுத்துக் கருகியது.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் காற்று ஆய்வாளர் அல்லர். ஆரி ஹாகன்-ஸ்மிட் ஹாலந்தில் பிறந்த உயிர்வேதியியலாளர். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். மிகச் சிறு அளவில் காற்றில் கலந்திருக்கும் ஆவிகளைக் குளிர வைத்துத் திரவமாக்கிப் பிடிப்பது அவருக்குக் கைவந்த வேலை. பழத்தின் மேல் இருந்த காற்றுக்குப் பதிலாக, சன்னலுக்கு வெளியே இருந்த ஊர்க்காற்றை அதே கருவிக்குள் இழுத்தார். கிடைத்தவை மூக்கைத் துளைக்கும் பழுப்பு நிறத் துளிகள் சில. அவற்றில் ஆல்டிஹைடுகளும் கரிம அமிலங்களும் இருந்தன. பெட்ரோல் போன்ற ஹைட்ரோகார்பன்கள் பாதி ஆக்சிஜனேற்றம் அடைந்தால் வரும் பொருள்கள் இவை. ஏதோ ஒன்று காற்றிலேயே பெட்ரோல் ஆவியை ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று அவர் ஊகித்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் தீர்மானமான சோதனை. பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கலந்து, கலவையின் மேல் வெளிச்சம் விழச் செய்தார். உள்ளே வளைத்து வைத்திருந்த ரப்பர்த் துண்டுகளில் வெடிப்பு விட்டது. நீட்டி வளைத்த ரப்பரை வெடிக்க வைப்பது ஓசோனின் அடையாளம். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது நேராக வெட்டிவிடும். எவ்வளவு விரைவில் வெடிப்பு விழுகிறது என்பதைக் கொண்டு காற்றில் எவ்வளவு ஓசோன் என்று கணக்கிடவும் முடிந்தது. 1952இல் அவர் தம் முடிவை வெளியிட்டார்: மூலப்பொருள்கள் இரண்டு, நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும். மூன்றாவதாக வேண்டியது சூரிய ஒளி. மூட்டத்துக்கு வாகனமும் எண்ணெய்த் தொழிலும் பொறுப்பு என்ற இந்த முடிவை எண்ணெய்த் தொழில் நிதியில் நடந்த ஆய்வுகள் முதலில் ஏற்க மறுத்தன. ஆனால் ரப்பர் யாருடைய நிதிக்கும் ஏற்றபடி வெடிப்பதில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968இல், கலிபோர்னியாவின் காற்று வள வாரியத்துக்கு அவரே முதல் தலைவரானார்.

இனி வேதியியலுக்குள் போவோம். எஞ்சின் சிலிண்டருக்குள் எரியும் சுடரின் வெப்பம் இரண்டாயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் காற்றில் இருக்கும் சாதாரண நைட்ரஜனும் ஆக்சிஜனுமே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். எரிபொருள் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் இது நடக்கும். வெளியே வருவதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு, அதாவது ஒரு நைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. இன்னொரு ஆக்சிஜன் சேர்ந்தால் அது நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகும். மங்கலான பழுப்பு நிறம் இதற்கு உண்டு. ஊதா ஒளியையும் அதையொட்டிய புற ஊதாவையும் உறிஞ்சிக்கொண்டு இது உடையும். நல்ல வெயிலில் ஒரு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறின் ஆயுள் சுமார் இரண்டு நிமிடம்தான். உடைந்து தனித்து நிற்கும் ஆக்சிஜன் அணு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள், பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஓசோன்.

இதோடு முடிந்தால் காரியம் எளிது. ஆனால் உடைந்தபோது பிரிந்த நைட்ரிக் ஆக்சைடு அங்கேயேதான் இருக்கிறது. அது ஓசோனைக் கண்டால் விடாது. ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு மறுபடி நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிவிடும். ஓசோன் போய்விடும். பிறகு வெயில் அதை உடைக்கும், ஓசோன் வரும், மறுபடி அழியும். ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் புதிதாக ஒரு ஓசோன்கூடச் சேர்ந்திருக்காது.

காலை நேரத்து ஓசோன் ஏன் தரையில் கிடக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கணக்குக்காக ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்வோம். காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு இத்தனை என்று எண்ணுவது இத்துறையின் வழக்கம். காலை எட்டரை மணிக்கு அந்தச் சந்திப்புக்கு வந்து சேரும் காற்றில் ஓசோன் 30 இருக்கிறது. வண்டிகள் அதில் நைட்ரிக் ஆக்சைடு 60, நைட்ரஜன் டை ஆக்சைடு 20 சேர்க்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு உடனே ஓசோனைத் தின்னத் தொடங்கும். இளவெயில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். சில நிமிடங்களில் கணக்கு இப்படி நிற்கும்: ஓசோன் 10, நைட்ரிக் ஆக்சைடு 40, நைட்ரஜன் டை ஆக்சைடு 40. ஓசோன் மூன்றில் ஒன்றாகிவிட்டது. ஆனால் ஓசோனையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் கூட்டிப் பாருங்கள். முன்பு 30ம் 20ம், மொத்தம் 50. இப்போது 10ம் 40ம், அதே 50. போன ஓசோன் எங்கும் போகவில்லை, நைட்ரஜன் டை ஆக்சைடாக உருமாறி நிற்கிறது. அதனால்தான் இத்துறையினர் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். சாலையோர நிலையத்தில் ஓசோன் குறைவு என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு.

மொத்தம் 50 என்பது எப்போது கூடும்? ஓசோனைச் செலவழிக்காமலே நைட்ரிக் ஆக்சைடு நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற வேறொரு வழி இருந்தால்தான். அந்த வழியைத் திறப்பவைதான் ஹைட்ரோகார்பன்கள்: எஞ்சினில் எரியாமல் தப்பிய பெட்ரோல், பங்கில் தொட்டி நிரப்பும்போது நம் மூக்குக்கு எட்டும் ஆவி, பெயின்ட், தின்னர் வாடை, மரங்கள் தாமே விடும் ஆவிகள். காற்றில் ஹைட்ராக்சில் என்று ஒரு துண்டு மூலக்கூறு உண்டு. ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. இதையும் வெயில்தான் உண்டாக்குகிறது. ஒரு நொடிகூட நிற்காத ஆயுள், ஆனால் ஹைட்ரோகார்பனைக் கண்டால் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். அடிபட்ட ஹைட்ரோகார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும். ஏற்றிக்கொண்டதில் ஒன்றை நைட்ரிக் ஆக்சைடிடம் கொடுத்துவிடும். இப்படிப் பிறக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடுக்காக ஓசோன் எதுவும் அழியவில்லை. வெயில் அதை உடைத்தால் வருவது புது ஓசோன், நிகர வரவு.

ஒரே ஒரு பெட்ரோல் மூலக்கூறு துண்டு துண்டாக உடையும் வழியில் இதைப் பலமுறை செய்யும். இடையில் ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகும். ஹாகன்-ஸ்மிட்டின் கருவியில் அகப்பட்டவை இந்த வகைப் பொருள்களே, கண் எரிச்சலிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஃபார்மால்டிஹைடும் வெயிலில் உடைந்து புதிய துண்டு மூலக்கூறுகளைத் தரும், அதனால் வேகம் இன்னும் கூடும். இத்தனை படிகளும் முடிய மணிக்கணக்காகும். காலை எட்டு மணிப் புகையின் ஓசோன் மதியத்தில் வந்து சேர்வதற்கு முதல் காரணம் இந்தத் தாமதம்.

சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணியை ஒட்டி. ஓசோன் ஏன் அப்போதே உச்சம் தொடாமல் இரண்டு, மூன்று மணி வரை காத்திருக்கிறது? நாளின் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். வெயில் நேர்மேலே நிற்கும் நேரத்தைவிட இரண்டு மணிக்குத்தான் சூடு அதிகம். வரும் வெப்பம் போகும் வெப்பத்தைவிட மிகுந்திருக்கும்வரை வெப்பமானி ஏறிக்கொண்டே இருக்கும். ஓசோனும் அப்படியே. உச்சிவேளையில் உற்பத்தியின் வேகம் அதிகபட்சம். அதற்குப் பிறகு வேகம் குறைந்தாலும் உற்பத்தி நிற்பதில்லை, இருப்பு கூடிக்கொண்டே போகிறது. வரவும் செலவும் சமமாகும் நேரம்தான் உச்சம்.

இந்த வரவுக் கணக்கில் பலர் அறியாத ஒரு பங்கு வானிலிருந்து வருகிறது. இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று நூறு, இருநூறு மீட்டர் தடிமனில் தனி அடுக்காகத் தேங்கிவிடும். அதில் உள்ள ஓசோனை வண்டிப் புகையும் மண்ணும் இலையும் சுவரும் தின்றுவிடும். அந்த அடுக்குக்கு மேலே, நேற்று மதியம் உண்டான ஓசோன் யாரும் தொடாமல் இரவு முழுவதும் அப்படியே நிற்கும். காலையில் தரை சூடேறிக் காற்று மேலும் கீழும் புரளத் தொடங்கினால் அடுக்கு உடையும். நண்பகலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயரம்வரை காற்று ஒன்றாகக் கலந்துவிடும். நேற்றைய ஓசோன் இறங்கி வரும். நைட்ரிக் ஆக்சைடோ அந்த உயரம் முழுவதும் பரவி மெலிந்துபோகும். ஓசோனைத் தின்னும் பொருள் குறைய, ஓசோன் கூடும். பத்து மணிவாக்கில் கோடு திடீரென்று செங்குத்தாக ஏறுவதில் இந்தக் கலப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் கணக்குச் சந்திப்புக்குத் திரும்புவோம். நண்பகலில் ஓசோன் 55, நைட்ரஜன் டை ஆக்சைடு 15, நைட்ரிக் ஆக்சைடு வெறும் 4 என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டின் கூட்டு 50இலிருந்து 70க்கு வந்துவிட்டது. மூன்று மணிக்கு ஓசோன் 80, நைட்ரஜன் டை ஆக்சைடு 8, கூட்டு 88. ஓசோனில் நூறு கோடிக்கு ஒன்று என்பது ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம். ஆக மூன்று மணிக்கு இருப்பது சுமார் 160 மைக்ரோகிராம். எட்டு மணி நேரச் சராசரி 100க்குள், ஒரு மணி நேர அளவு 180க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தர விதி. ஒரு மணி நேர விதி மீறப்படவில்லை. இதே நிலை மதியம் முழுவதும் நீடித்தால் எட்டு மணி நேர விதி மீறப்பட்டுவிடும். மாலை ஆறு மணிக்கு வெயில் தணிகிறது, வீடு திரும்பும் வண்டிகள் புதிய நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டுவருகின்றன. தின்பது தொடர்கிறது, திருப்பித் தர வெயில் இல்லை. கோடு விழுகிறது.

காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் இந்தக் கதை ஊர்விட்டு ஊர் போகிறது. லாஸ் ஏஞ்சலஸின் மேற்கே பசிபிக் கடல், வடக்கிலும் கிழக்கிலும் மலைகள். காலைப் போக்குவரத்தின் புகையைக் கடற்காற்று கிழக்கே தள்ளும். வழியெல்லாம் வெயில் பட்டுக்கொண்டே அது நகரும். நகரின் நடுவில் ஓசோன் உச்சம் தொட்ட பிறகும், உள்நாட்டில் ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ பக்கம் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே உச்சம் நடுநகரைவிடப் பிந்தி வரும், அளவும் அதிகமாக இருக்கும். அவற்றுக்கும் மேலே மலையில் இருக்கும் கிரெஸ்ட்லைன் என்ற சிற்றூர் அமெரிக்காவிலேயே மிக அதிக ஓசோன் பதிவாகும் இடங்களில் ஒன்று. அந்த மலைகளின் பைன் மரங்கள் ஊசியிலை மஞ்சளித்து உதிர்ந்ததற்குக் காரணம் ஓசோன் என்பது 1960களில் நிறுவப்பட்டது. புகையைக் கண்ணால் காணாத மலைவாசி, புகை விட்டவர்களைவிட அதிகமாக ஓசோனைச் சுவாசிக்கிறார். நகரத்துக்குள் மட்டும் அளவுகோல்களை வைத்துவிட்டுக் காற்று போகும் திசையில் உள்ள கிராமங்களை விட்டுவிடுவது எனக்கு ஒப்புக்கொள்ளக்கூடியதாகத் தெரியவில்லை. பயிர் நிற்பதும் அங்கேதான்.

இனி, அதிகாரிகளையும் ஆய்வாளர்களையும் பலமுறை திகைக்க வைத்த ஒரு விஷயம். லாஸ் ஏஞ்சலஸில் சனி, ஞாயிறுகளில் டீசல் லாரிகள் வெகுவாகக் குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். ஓசோன் மட்டும் வார நாள்களைவிட அதிகமாக இருந்தது. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது இந்திய நகரங்கள் பலவற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு பாதாளத்துக்கு இறங்கியபோதும் ஓசோன் அதற்கு ஈடாகக் குறையவில்லை, சில இடங்களில் கூடியது. காரணம் மேலே பார்த்ததுதான்: தின்பதற்கு நைட்ரிக் ஆக்சைடு இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுதியாக இருக்கும் காற்றில் அது ஹைட்ராக்சிலைப் பிடித்து நைட்ரிக் அமிலமாக்கி முடக்கிவிடும். கூட்டம் குறைந்தால் ஹைட்ராக்சில் விடுபட்டு ஹைட்ரோகார்பன்களை இன்னும் வேகமாகத் தாக்கும். ஆகவே நெரிசல் நகரத்தில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் சிறிதளவு குறைத்தால் ஓசோன் கூடவும் கூடும். வண்டிகள் அடர்த்தி குறைந்த, மரங்கள் மிகுந்த நாட்டுப்புறத்தில் நிலைமை வேறு: அங்கே நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்தால் ஓசோன் நேராகக் குறையும்.

இதைக் காட்டி வண்டிப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. அது பிழையான வாதம். நைட்ரஜன் டை ஆக்சைடே தனியாக ஒரு நஞ்சு, மேலும் குறைப்பு ஓர் அளவைத் தாண்டினால் ஓசோனும் கூடவே இறங்கும். லாஸ் ஏஞ்சலஸ் இரண்டையும் சேர்த்தே குறைத்தது. எண்ணெய்த் தொட்டிகளின் ஆவிக் கசிவை அடைத்தார்கள். 1975ஆம் ஆண்டு மாடல் முதல் கார்களில் வினையூக்கி மாற்றி வந்தது, எரியாத ஹைட்ரோகார்பன்களைப் புகைக்குழாயிலேயே எரித்தது. பிறகு வந்த மாற்றிகள் நைட்ரஜன் ஆக்சைடையும் உடைத்தன. நம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது 1995இல் கட்டாயமானது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1955இல் ஒரு மணி நேர ஓசோன் நூறு கோடிக்கு 680 வரை போனது. அதன் பிறகு கார்களின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியும் இன்றைய உச்சங்கள் அதில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டுவதில்லை. ஆனாலும் அப்பகுதி அமெரிக்கத் தரமான 70ஐ இன்னும் தொடவில்லை.

உடம்புக்கு வருவோம். ஓசோன் நீரில் எளிதில் கரையாது. கரையும் வாயுக்களை மூக்கும் தொண்டையும் ஈரத்தில் பிடித்து நிறுத்திவிடும், ஓசோன் நழுவி நுரையீரலின் ஆழம்வரை போகும். ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சு வலிக்கும், இருமல் வரும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு கூடும். உழைக்கும் உடம்பு பல மடங்கு காற்றை இழுப்பதால், மதிய வெயிலில் கட்டட வேலை செய்பவர், உணவு கொண்டுபோகும் இளைஞர், போக்குவரத்துக் காவலர், மைதானத்தில் பயிற்சி செய்யும் பள்ளிப் பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் ஆபத்து அதிகம். முகக்கவசம் இங்கே உதவாது. என்-95 வகைகூடத் தூசியைத்தான் வடிகட்டும், வாயு ஊடுருவிப் போய்விடும். உதவுவது நேரமும் இடமும். சன்னல் மூடிய அறைக்குள் ஓசோன் வெளியைவிட வெகுவாகக் குறைவு, சுவரும் துணியும் அதை விழுங்கிவிடும். கடினமான ஓட்டத்தையும் விளையாட்டுப் பயிற்சியையும் வெயில் காலத்தில் பிற்பகலிலிருந்து மாற்றிவைக்கலாம். விடியற்காலையில் ஓசோன் மிகக் குறைவு, ஆனால் அதே நேரத்தில் தாழ்ந்த காற்றடுக்கில் நுண்தூசி தேங்கி நிற்கும். ஆகவே பெரிய சாலையை விட்டு விலகிய இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இந்தியக் குறியீட்டில் எட்டு மாசுப் பொருள்கள் உண்டு, அவற்றில் எது மோசமோ அதன் எண்தான் நகரத்தின் எண்ணாக வரும். பெரும்பாலும் அது நுண்தூசி. அதனால் தலைப்பு எண்ணுக்குக் கீழே ஓசோன் என்ற தனி வரியைத் தேடிப் பார்க்க வேண்டும், காலையில் அல்ல, ஒரு மணிக்கு மேல். அந்த வரி ஏறும் பருவத்தில் பெட்ரோல் நிரப்பும் வேலையை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வது அமெரிக்க நகரங்களில் ஓசோன் எச்சரிக்கை நாள்களில் வழக்கம். அப்போது கசியும் ஆவிக்கு அன்றைய வெயில் கிடைப்பதில்லை, விடிவதற்குள் பெரும்பகுதி கலைந்துவிடும்.